ஒரு வாடிக்கையாளரின் சர்வர் பதில் சொல்லாமல் நின்றால் மற்ற எல்லாருக்கும் போக வேண்டிய வெப்ஹூக்கும் நிற்கிறது: எங்கே தவறு செய்கிறோம்?

சரக்குவண்டி · திங்கள், இரவு 9.40

வணக்கம். கூரியர் நிறுவனங்களுக்கும் இணையக் கடைகளுக்கும் நடுவில் நிற்கும் ஒரு மென்பொருளைக் கோவையில் நாங்கள் நான்கு பேர் பராமரித்து வருகிறோம். பார்சல் எடுக்கப்பட்டது, கிடங்குக்கு வந்தது, ஒப்படைக்கப்பட்டது என்று நிலை மாறும்போதெல்லாம் அந்தந்தக் கடை கொடுத்திருக்கும் முகவரிக்கு வெப்ஹூக் அனுப்புகிறோம். ஏறத்தாழ 300 கடைகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு லட்சம் நிகழ்வுகள் போகின்றன.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு நிகழ்வும் போஸ்ட்கிரெஸில் `deliveries` என்ற டேபிளில் ஒரு வரிசையாக விழும். 40 வொர்க்கர்கள் அதிலிருந்து எடுத்து அனுப்பும். 30 நொடிக்குள் `2xx` பதில் வராவிட்டால் தோல்வி என்று குறித்துக்கொண்டு 1, 2, 4, 8 நிமிடம் என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே பத்து முறை மறுபடி முயல்வோம்.

கடந்த சனிக்கிழமை காலை 11.10 மணிக்கு எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் சிக்கிக்கொண்டது. அன்று அவர்களுக்குத் தள்ளுபடி விற்பனை நாள். இணைப்பை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் பதில் வரவில்லை. பத்து நிமிடத்தில் மற்றக் கடைகளுக்கும் தாமதம் தொடங்கிவிட்டது. மதியம் ஒரு மணிக்கு எல்லாருக்கும் ஒன்றரை மணி நேரம் பழைய தகவல்தான் போய்க்கொண்டிருந்தது. 1.20க்கு அந்த ஒரு முகவரியைக் கையால் நிறுத்தி வைத்தோம். கால் மணி நேரத்தில் மற்ற எல்லாம் வடிந்துவிட்டன.

இன்று காலை இரண்டாவது பிரச்சினை வந்தது. பொருளை வாங்கியவர்களுக்கு "உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் மூன்று நான்கு முறை போயிருப்பதாக அதே வாடிக்கையாளர் சொல்கிறார். எங்கள் பக்கம் தோல்வி என்றுதான் பதிவாகியிருக்கிறது, அதனால்தான் திரும்ப அனுப்பினோம் என்றோம். எல்லாமே தங்களுக்கு வந்து சேர்ந்தன என்கிறார் அவர். எங்களிடம் காட்டுவதற்கு இருப்பது `attempts = 4`, `last_error = 'timeout'` என்ற இரண்டு புலங்கள் மட்டுமே. இரண்டு தரப்பும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

நூல்கண்டு · திங்கள், இரவு 10.05

40 வொர்க்கர் என்பது இந்த அளவுக்கு மிகக் குறைவு. வேலை முழுவதும் காத்திருப்பதுதான், சிபியு செலவே கிடையாது, 400 ஆக்குங்கள். டைம்அவுட்டை 30 நொடியிலிருந்து 5 நொடியாகக் குறையுங்கள். உங்கள் பேக்ஆஃபில் ஜிட்டர் இல்லை என்பதையும் கவனித்தேன். தள்ளுபடி நாளில் ஒரே நிமிடத்தில் தோற்ற ஆயிரம் நிகழ்வுகளும் சரியாக ஒரே நிமிடத்தில் திரும்ப வந்து மோதும். 8 நிமிடம் என்று கணக்கு சொன்னால், பூஜ்யத்துக்கும் 8 நிமிடத்துக்கும் இடையில் ஏதாவது ஒரு நேரத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றையும் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். டேபிளை விட்டுக் காஃப்காவுக்கு மாறினால் இன்னும் நல்லது.

கடைக்கணக்கு · திங்கள், இரவு 10.30

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. வெப்ஹூக் வந்தவுடன் கையொப்பத்தைச் சரிபார்த்து, உடலை அப்படியே ஒரு டேபிளில் போட்டுவிட்டு, உடனே `200` கொடுத்துவிடுங்கள். ஸ்டாக் குறைப்பது, எஸ்எம்எஸ் அனுப்புவது எல்லாம் பிறகு பின்னணியில் நடக்கட்டும். நாங்கள் முன்பு எஸ்எம்எஸ் நிறுவனம் பதில் சொல்லும்வரை காத்திருந்து விட்டுத்தான் `200` கொடுப்போம். ஒரு நாள் அந்த நிறுவனம் மெதுவாகிவிட, பணம் வசூலிக்கும் சேவை நாங்கள் வாங்கவில்லை என்று நினைத்து ஒரே ரசீதை ஆறு முறை அனுப்பியது.

சரக்குவண்டி · திங்கள், இரவு 10.42

நன்றி. ஆனால் நாங்கள் பெறுபவர்கள் அல்ல, அனுப்புபவர்கள். நீங்கள் சொல்வது எங்கள் வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை. அதை அவர்களிடம் சொல்லலாம், ஆனால் 300 கடைகளின் நிரலையும் நாங்கள் திருத்த முடியாது.

மூன்றாம்ஷிப்ட் · செவ்வாய், அதிகாலை 1.15

அவர் கேள்வியைத் திருப்பிப் படித்திருக்கலாம், ஆனால் உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கான விடை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வொர்க்கர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண நாளில் ஒரு அனுப்பலுக்கு 200 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 40 வொர்க்கர்கள் நொடிக்கு 200 அனுப்பும். உங்கள் அன்றாட அளவுக்கு இது தாராளம். அந்தப் பெரிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி நாளில் நொடிக்கு 5 நிகழ்வு போகிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 30 நொடி தொங்கினால் அந்த ஒருவருக்கே 150 வொர்க்கர் தேவை. உங்களிடம் இருப்பது 40. ஆகவே எட்டே நொடியில் எல்லா வொர்க்கரும் அவர் வாசலில் நிற்கத் தொடங்கிவிடும்.

நூல்கண்டு சொல்வதுபோல் 400 ஆக்கினாலும் தப்ப முடியாது, ஏனென்றால் மறுமுயற்சிகளும் அதே வரிசைக்குத்தான் வருகின்றன. 35 நிமிடம் ஆகும்போது, முன்பு தோற்றவற்றின் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் மறுமுயற்சிகள் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு 5 புதியவை, அவற்றோடு 25 பழையவை, மொத்தம் 30. அதை 30 நொடியால் பெருக்கினால் 900 வொர்க்கர். வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறாரோ அவ்வளவுக்கு இந்த எண் வளரும். ஜிட்டர் அலையைத் தட்டையாக்கும், அது கட்டாயம் வேண்டும். ஆனால் மொத்த நீரின் அளவு குறையாது.

என் அனுபவத்தில் இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பேக்ஆஃபை நீங்கள் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள். படுத்திருப்பதோ முகவரி. பத்தாயிரம் நிகழ்வுகள் காத்திருந்தால், அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போய்க் கதவைத் தட்டி, வீட்டில் ஆள் இல்லை என்று தானே கண்டுபிடித்துத் திரும்புகின்றன. ஒன்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதாதா?

அதாவது `endpoints` டேபிளில் `paused_until` என்று ஒரு புலம் வையுங்கள். ஒரு முகவரியில் வெவ்வேறு நிகழ்வுகள் தொடர்ந்து ஐந்து தோற்றால் அந்த முகவரியையே 30 நொடி நிறுத்துங்கள். நேரம் முடிந்ததும் ஒரே ஒரு நிகழ்வை மட்டும் சோதனைக்கு அனுப்புங்கள். அதுவும் தோற்றால் நிறுத்தத்தை இரட்டியுங்கள், 15 நிமிடம் வரை போகலாம். வென்றால் திறந்துவிடுங்கள். நிறுத்தப்பட்ட நேரத்தில் காத்திருக்கும் நிகழ்வுகளுக்கு முயற்சி எண்ணிக்கை கூடக் கூடாது. அவை காலாவதி ஆவதை எண்ணிக்கையால் அல்லாமல், உண்டான நேரத்திலிருந்து 72 மணி என்பதுபோல் கடிகாரத்தால் முடிவு செய்யுங்கள்.

இதோடு, நிறுத்தத்தில் இல்லாத முகவரிக்கும் ஒரே நேரத்தில் நான்கு இணைப்புக்கு மேல் கொடுக்காதீர்கள். நிறுத்தம் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னாலுள்ள அந்த முதல் 30 நொடியைக் காப்பது இந்த வரம்புதான்.

சரக்குவண்டி · செவ்வாய், காலை 8.20

900 என்ற எண்ணைப் பார்த்தபோது தூக்கம் போய்விட்டது. ஒரு சந்தேகம். நாங்கள் வரிசையை `FOR UPDATE` கொண்டு பூட்டி, அதே டிரான்ஸாக்ஷனுக்குள் ஹெச்டிடிபி அழைப்பையும் செய்து, முடிவை எழுதி கமிட் செய்கிறோம். வொர்க்கர் நடுவில் செத்தால் பூட்டு தானாக விடுபடும் என்பதால் அப்படி வைத்தோம். இது சரியா?

மூன்றாம்ஷிப்ட் · செவ்வாய், மதியம் 12.50

செத்தால் விடுபடும் என்பது உண்மை. ஆனால் சனிக்கிழமை 40 டிரான்ஸாக்ஷன்கள் தலா 30 நொடி திறந்தே கிடந்திருக்கின்றன. அவை பிடித்திருந்த டேட்டாபேஸ் இணைப்புகள் யாருக்கும் பயன்படவில்லை, வேக்கூமும் பழைய வரிசைகளைச் சுத்தம் செய்ய முடியாமல் இருந்திருக்கும். பூட்டுக்குப் பதிலாகக் குத்தகை கொடுங்கள்: இந்த வரிசை இத்தனை மணி வரை என்னுடையது என்று எழுதி, உடனே கமிட் செய்துவிட்டு, பிறகு வெளியே போங்கள். வொர்க்கர் செத்தால் குத்தகை காலாவதியாகி வேறொன்று எடுத்துக்கொள்ளும். `SKIP LOCKED` போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் இருக்கிறது, ஆகவே இதற்காகக் காஃப்காவைத் தேட வேண்டியதில்லை.

```sql
UPDATE deliveries SET locked_until = now() + interval '60 seconds'
WHERE id IN (
  SELECT d.id FROM deliveries d
  JOIN endpoints e ON e.id = d.endpoint_id
  WHERE d.status = 'pending'
    AND d.next_attempt_at <= now()
    AND d.locked_until < now()
    AND e.paused_until < now()
  ORDER BY d.next_attempt_at
  LIMIT 20
  FOR UPDATE OF d SKIP LOCKED)
RETURNING id, endpoint_id;
```

`locked_until`, `paused_until` என்ற இரண்டு நேரப் புலங்களுக்கும் `'-infinity'` என்று தொடக்க மதிப்பு வைத்துவிட்டால் `NULL` தொல்லை இல்லை. எடுத்த 20ஐயும் ஒரே நேரத்தில் அனுப்பும் வொர்க்கர் என்று எடுத்துக்கொண்டுதான் 60 நொடி வைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதாக இருந்தால் `LIMIT 1` வையுங்கள். இல்லையென்றால் கடைசி வரிசையின் முறை வருவதற்குள் குத்தகை முடிந்து வேறு வொர்க்கரும் அதை அனுப்பும்.

நூல்கண்டு · செவ்வாய், மதியம் 1.30

வொர்க்கர் எண்ணிக்கை விஷயத்தில் நான் மறுமுயற்சிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கேள்விநிரலில் முகவரிக்கு நான்கு இணைப்பு என்ற வரம்பு எங்கும் இல்லையே. மேலும் டைம்அவுட்டை 5 நொடியாக வைத்திருந்தால் 900 என்பது 150 ஆகியிருக்கும் அல்லவா?

மூன்றாம்ஷிப்ட் · செவ்வாய், மாலை 6.10

வரம்பு இல்லை என்பது சரியான கண்டுபிடிப்பு. நான் அதை வொர்க்கரின் நினைவகத்தில் ஒரு எண்ணியாக வைத்திருக்கிறேன்: நான்கு ஏற்கெனவே ஓடினால் அந்த வரிசையின் `next_attempt_at`ஐச் சில நொடிகள் தள்ளி வைத்துவிட்டுக் குத்தகையை விட்டுவிடும். பல இயந்திரங்களில் வொர்க்கர் ஓடினால் இது துல்லியமாக இருக்காது, நான்கு என்பது எட்டாகலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

டைம்அவுட் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 5 நொடி என்று எழுதினால் 5 நொடியில் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். பைத்தானின் `requests` நூலகத்தில் `timeout=5` என்பது மொத்த நேரம் அல்ல. இணைப்புக்கு 5 நொடி, அதன்பின் ஒவ்வொரு முறை பைட்டுக்காகக் காத்திருக்கவும் 5 நொடி. எதிர்ப்பக்கம் நான்கு நொடிக்கு ஒரு பைட் என்று சொட்டிக்கொண்டே இருந்தால் வொர்க்கர் அரை நாள்கூட அங்கேயே நிற்கும். மொத்த நேரத்துக்குத் தனியாக ஒரு கெடு வையுங்கள், படிக்கும் பதிலின் அளவுக்கும் வரம்பு வையுங்கள். எந்தச் சின்னக் கடையின் சர்வர் எந்த நாள் 200 எம்பி பதில் அனுப்பும் என்று யாருக்குத் தெரியும்.

இனி அந்த நான்கு எஸ்எம்எஸ் விஷயம். டைம்அவுட் என்று ஒரே சொல்லால் எழுதிவைத்ததில்தான் உங்கள் விடை தொலைந்தது. இணைப்பே கிடைக்காமல் டைம்அவுட் ஆனால், உங்கள் செய்தி அவர்களை எட்டவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இணைப்பு கிடைத்து, உடலை முழுவதும் அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும்போது டைம்அவுட் ஆனால், அவர்கள் அதை முடித்தார்களா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்களுடைய நிரல் 34 நொடி எடுத்துக்கொண்டு எஸ்எம்எஸ்ஸை அனுப்பிவிட்டு `200` என்று எழுதும்போது, நீங்கள் நான்கு நொடிக்கு முன்பே தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். ஆகவே நீங்கள் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. கடைக்கணக்கு நேற்று சொன்ன கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள், அதுதான் இது. டைம்அவுட்டைக் குறைத்திருந்தால் இந்த இரட்டிப்பு இன்னும் கூடியிருக்கும். அதனால்தான் நான் 15க்குக் கீழே போகத் தயங்குகிறேன்.

இதை அனுப்புபவரால் முழுவதும் தடுக்க முடியாது. செய்யக்கூடியது, மறுமுயற்சி எத்தனை ஆனாலும் `webhook-id` என்ற ஹெடரில் அதே அடையாளத்தை அனுப்புவது. பெறுபவர் அதற்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ் வைத்தால் இரண்டாவது எஸ்எம்எஸ் போகாது. ஆனால் கையொப்பத்தையும் அதிலுள்ள நேரமுத்திரையையும் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாகப் போடுங்கள். நிகழ்வு உண்டானபோதே கையொப்பமிட்டு வைத்துவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய நேரமுத்திரையை ஏற்காத வாடிக்கையாளர்கள் உங்கள் இரண்டு மணி நேர மறுமுயற்சியை எல்லாம் போலி என்று தள்ளிவிடுவார்கள்.

முதல்மணி · செவ்வாய், இரவு 8.45

நான் நிரல் எழுதுபவள் அல்ல. இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் டிக்கெட்டுகளைப் பார்க்கிறேன். லாகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். கடைசிப் பிழையை மட்டும் ஒரு புலத்தில் மேலெழுதி வைப்பது என்னைப் போன்றவர்களுக்கு எதற்கும் உதவாது. எங்களிடம் இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் தனி வரிசை இருக்கிறது. வாடிக்கையாளர் போனில் கத்தும்போது நான் பார்ப்பது இதுதான்:

```
#1  11:14:02  sent 1184 B  read_timeout     30001 ms
#2  11:15:40  sent 1184 B  read_timeout     30002 ms
#3  11:18:11  sent 0 B     connect_timeout   5000 ms
#4  11:22:57  sent 1184 B  200               4120 ms
```

இதில் முதல் இரண்டும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கக்கூடும், மூன்றாவது வரவே இல்லை, நான்காவதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பதிலின் முதல் 1 கேபியையும் சேமித்து வைக்கிறோம். பாதி டிக்கெட்டுகள் அதைப் பார்த்தவுடனேயே முடிந்துவிடும், ஏனென்றால் அவர்களுடைய ஃபயர்வாலின் தடுப்புப் பக்கம்தான் அதில் இருக்கும். வாடிக்கையாளரே பார்க்கும்படி அவர்களுடைய திரையில் இதைத் திறந்துவிட்ட பிறகு டிக்கெட்டுகள் இன்னும் குறைந்தன. கையொப்ப ஹெடரையும் அவர்கள் கொடுத்த டோக்கனையும் மட்டும் லாகில் எழுதாதீர்கள். நாங்கள் ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு எல்லா வாடிக்கையாளரின் சாவியையும் மாற்றச் சொல்ல வேண்டி வந்தது.

சரக்குவண்டி · செவ்வாய், இரவு 9.10

அம்மா, இந்த நான்கு வரி எங்களிடம் இருந்திருந்தால் நேற்றைய ஒரு மணி நேரத் தொலைபேசி உரையாடல் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். டேபிள் வீங்காதா?

முதல்மணி · செவ்வாய், இரவு 9.25

வீங்கியது. எங்கள் தம்பிகள் நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் வைத்து, 30 நாள் ஆனதும் அந்தப் பார்ட்டிஷனை அப்படியே தூக்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு `DELETE` போட்டுக்கொண்டிருந்தபோது இரவெல்லாம் டேட்டாபேஸ் திணறும்.

பழையவயர் · புதன், காலை 7.30

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாத் தோல்வியையும் ஒன்றாகவே பேசுகிறீர்கள். `503` என்பதும் `Retry-After` ஹெடரோடு வரும் `429` என்பதும் சற்றுப் பொறு என்ற கோரிக்கை. `400` என்பது உன் செய்தியே எனக்குப் புரியவில்லை என்பது. அதை மூன்று நாள் திரும்பத் திரும்ப அனுப்பினால் மட்டும் புரிந்துவிடுமா? `410` வந்தால் அந்த முகவரியையே மூடிவிட வேண்டும். கிட்ஹப் தானாக மறுமுயற்சி செய்வதே இல்லை. 10 நொடியில் பதில் இல்லையென்றால் தோல்வி என்று குறித்துவிடும், வேண்டுமானால் நீங்களே திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை முயல்கிறது. இரண்டுமே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்த மூன்று நாள் கணக்கிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு சேவை நிறுவனம் 72 மணி நேரம் தொடர்ந்து தோற்றால் முகவரியைத் தானாக முடக்கிவிடும் என்று வைத்திருந்தது. பொங்கலுக்கு முந்தின இரவு எங்கள் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. நான்கு நாள் கழித்து அலுவலகம் வந்தால் முகவரியும் முடக்கம், நிகழ்வுகளும் காலாவதி. எச்சரிக்கை மின்னஞ்சலை இரண்டாண்டுக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஒருவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாம்ஷிப்ட் · புதன், மதியம் 2.00

`400`ஐ உடனே கைவிடுவதில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஒழுங்காக எழுதிய சர்வராக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. நான் பார்த்த வாடிக்கையாளர் சர்வர்கள், புதுப் பதிப்பை ஏற்றும் இரண்டு நிமிடத்துக்கு `404` கொடுக்கின்றன, டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் `400` கொடுக்கின்றன, சாவி மாற்றும் நாளில் `401` கொடுக்கின்றன. ஆகவே `410` தவிர மற்ற எல்லாவற்றையும் மறுபடி முயல்கிறேன், `4xx`க்கு மட்டும் இடைவெளியை நீளமாக வைக்கிறேன். முடக்குவது பற்றி உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. முகவரியை முடக்கினாலும் நிகழ்வுகளை 30 நாள் அழிக்காமல் வைத்து, வாடிக்கையாளரே ஒரு தேதியைக் கொடுத்து அதிலிருந்து திரும்ப அனுப்பச் சொல்ல வழி வைக்கலாம்.

பழையவயர் · புதன், மாலை 4.40

எல்லா நிகழ்வும் 30 நாள் கழித்துப் பயன்படாது. "பார்சல் டெலிவரிக்குப் புறப்பட்டது" என்ற செய்தி நான்காம் நாள் போய்ச் சேர்ந்தால் அது தகவல் அல்ல, குழப்பம். அதுவும் "ஒப்படைக்கப்பட்டது" முதலில் போய்விட்டு, மறுமுயற்சியில் "புறப்பட்டது" பிறகு போனால் கடையின் திரையில் பார்சல் பின்னோக்கி நகரும். வரிசை மாறாமல் அனுப்ப வேண்டுமென்றால் முதலாவது தோற்றவுடன் மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

மூன்றாம்ஷிப்ட் · புதன், இரவு 11.20

முகவரிக்கு வரிசை என்று வைக்க மாட்டேன். பார்சலுக்கு ஒரு பதிப்பு எண் வைத்து உடலில் அனுப்புங்கள். தன்னிடம் இருப்பதைவிடச் சிறிய எண் வந்தால் பெறுபவர் தள்ளிவிடட்டும். அவர் தள்ளுவாரா என்று கேட்டால், பாதிப் பேர் தள்ள மாட்டார்கள். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை.

சரக்குவண்டி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முகவரிக்கு நான்கு இணைப்பு, முகவரி நிறுத்தம், குத்தகை, மொத்த நேரத்துக்கு 15 நொடி கெடு, முயற்சிக்கு ஒரு வரிசை, எல்லாவற்றையும் 40 வொர்க்கரை மாற்றாமலேயே செய்தோம். சென்ற வாரம் அதே பெரிய வாடிக்கையாளர் மறுபடி 50 நிமிடம் படுத்தார். மற்றக் கடைகளுக்கு எந்தத் தாமதமும் இல்லை. அவர் எழுந்ததும் நான்கு இணைப்பையும் ஒரேயடியாகத் திறந்தோம், தேங்கியிருந்தவை பாய்ந்ததில் இரண்டே நிமிடத்தில் மறுபடி படுத்துவிட்டார். இப்போது ஒன்றில் தொடங்கி, ஐம்பது வெற்றிக்கு ஒன்று என்று ஏற்றுகிறோம்.

ஆனால் வியாழக்கிழமை ஒரு புது வகை வந்தது. ஒரு சிறிய கடை, அதன் சர்வர் நன்றாக ஓடுகிறது, உலாவியில் திறந்தால் உடனே வருகிறது. எங்கள் பக்கமோ முகவரி ஒன்பது மணி நேரமாக நிறுத்தத்தில் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு சோதனை போகிறது, ஒவ்வொன்றும் `500`. லாகைத் திறந்து பார்த்தபோதுதான் எல்லாச் சோதனையிலும் நிகழ்வின் அடையாளம் ஒன்றே என்பது கண்ணில் பட்டது. சேமித்த பதிலில் இது இருந்தது:

```
Incorrect string value: '\xF0\x9F\x99\x8F' for column 'note' at row 1
```

பொருளை வாங்கிய ஒருவர் டெலிவரிக் குறிப்பில் "காவலாளியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதி, கும்பிடும் கை எமோஜி ஒன்றைப் போட்டிருக்கிறார். கடையின் மைஎஸ்கியூஎல் டேபிள் பழைய `utf8`, நான்கு பைட் எழுத்தை அது ஏற்காது. காலையில் அவர்கள் சர்வர் உண்மையாகவே சில நிமிடம் தடுமாறியபோது முகவரி நிறுத்தத்துக்குப் போயிருக்கிறது. அதன்பின் `ORDER BY next_attempt_at` காரணமாகச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் மிகப் பழைய நிகழ்வான இதுவே போயிருக்கிறது. ஆக ஒரு கும்பிடு 1,100 நிகழ்வுகளை ஒன்பது மணி நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மூன்றாம்ஷிப்ட் · ஞாயிறு, இரவு 8.30

இது என் தவறு. வெவ்வேறு நிகழ்வுகள் ஐந்து தோற்றால் நிறுத்துங்கள் என்று சொன்னவன், சோதனைக்கும் ஒவ்வொரு முறை வேறு நிகழ்வை எடுங்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். காத்திருப்பவற்றில் தற்செயலாக ஒன்றை எடுங்கள். சோதனையில் தோற்ற நிகழ்வுக்கு மட்டும் அதன் சொந்த பேக்ஆஃபும் நகரட்டும், அப்போது அது தானே வரிசையில் பின்னால் போய்விடும்.

பழையவயர் · ஞாயிறு, இரவு 9.05

அந்தக் கடைக்கு ஒரு நாளில் இரண்டே பார்சல் என்றால்? தற்செயலாக எடுத்தாலும் அதே கும்பிடுதான் வரும், வேறு நிகழ்வே இருக்காதே.

சரக்குவண்டி · ஞாயிறு, இரவு 9.30

அப்படி எங்களிடம் நாற்பது கடைகளாவது இருக்கின்றன. நாளை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்.